கிணற்றுக் கிரேனின் நாக்கு

முதலில் மூன்று போட்டோ வந்தது. வாட்ஸ்அப்பில், காலை ஆறரை மணிக்கு. முதல் படத்தில் ஒரு துண்டு இரும்பு யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் கிடந்தது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். இரண்டாவது படத்தில் அதே இரும்பு ஒரு தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது வெறும் மங்கல். கீழே ஒரு குரல் செய்தி. "ஏம்மா, இதப் பாத்து அப்படியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுத்துரு. சீக்கிரம் வேணும்."

இந்த 'அப்படியே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். தேய்ந்துபோன ஒரு பொருளை அப்படியே வரைந்தால் தேய்ந்துபோன இன்னொரு பொருள்தான் வரும். இதை நான் திண்டுக்கல் நாகல் நகரில் கடை போட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை. பழைய இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதபோது பட்டறைக்காரர்கள் தேய்ந்த பாகத்தை என்னிடம் கொண்டு வருவார்கள். நான் அதை அளந்து, புதிதாக இருந்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து, கணினியில் முப்பரிமாண மாடலாகக் கட்டித் தருவேன். அதை வைத்து வெட்டுகிறவர் வெட்டுவார். என் வேலை இவ்வளவுதான். படம் வரைகிற வேலை இல்லை.

குரல் செய்தி அனுப்பியவர் கிணறு தூர் வாரும் கிரேன் வைத்திருப்பவர். சேவுகம்பட்டிப் பக்கம். போன் போட்டேன்.

"மூணு படம் அனுப்பிச்சேனே, பத்தலையா?"

"ஒரு அடி தூரத்துல வச்சு எடுத்திருக்கீங்க. கிட்ட இருக்கிற முனை பெருசாத் தெரியுது, தள்ளியிருக்கிற முனை சிறுசாத் தெரியுது. வட்டமான ஓட்டை முட்டை மாதிரி இருக்கு. தீப்பெட்டி தரையில கிடக்கு, இரும்போட மேல்பக்கம் அதுக்கு மேல இருக்கு. ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லைனா அளவு தப்பா வரும். பொருளக் குடுத்து விடுங்கண்ணே."

"அதுக்கு ஒரு ஆளு வண்டியப் போட்டுக்கிட்டு திண்டுக்கல்லுக்கு வரணுமா?"

"பொண்ணு பாக்குறப்ப மட்டும் போட்டோவ நம்பாம குடும்பத்தோட வேன் வச்சுப் போறீங்கள்ல?"

போனை வைத்துவிட்டார். மத்தியானம் ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோள் மட்டும் தனியாக வேறு உடம்பிலிருந்து எடுத்து ஒட்ட வைத்ததுபோல் இருந்தது. கையில் அரிசிச் சாக்குத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். என் மேசைமேல், விசைப்பலகைக்குப் பக்கத்தில், அதைத் தொப்பென்று வைத்தார். சாக்கிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்தது. கிணற்றுச் சேறும் கிரீஸும் கலந்து அழுகிய வாடை. செத்த தவளையின் வாடை என்று சொன்னால் தவளைக்கு அவமரியாதை.

"யக்கா, இதுதான் நாக்கு" என்றார்.

கிணற்றுக் கிரேனில் கம்பிவடம் சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் பல் வைத்த ஒரு சக்கரம் இருக்கும். அந்தப் பல்லில் போய் விழுகிற இரும்புதான் நாக்கு. பக்கெட் மேலே ஏறும்போது நாக்கு டக் டக்கென்று ஒவ்வொரு பல்லாகத் தாண்டிப் போகும். நிறுத்தியதும் ஒரு பல்லில் விழுந்து முட்டுக் கொடுத்துவிடும். அப்புறம் சக்கரம் பின்னால் சுற்ற முடியாது. அதாவது பக்கெட் கீழே விழ முடியாது. இறக்க வேண்டுமானால் மட்டும் நாக்கைத் தூக்கிவிட்டு, பிரேக்கில் மெதுவாக விடுவார்கள். பக்கெட்டில் போவது மண்ணாக இருக்கலாம், உடைத்த பாறையாக இருக்கலாம், காலையிலும் மாலையிலும் ஆளாக இருக்கலாம்.

"போன வாரம் ரெண்டு பல்லு வழுக்கிருச்சுக்கா. நான் பக்கெட்டுல இருக்கேன். எழுவது அடி. டக்குனு நிக்க வேண்டியது, டர்ர்ர்னு போயிருச்சு. மேல இருந்தவரு பிரேக்கப் போட்டாரு. பொழச்சேன்."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"மூக்குல வெல்டு வச்சு ஏத்திரலாம்னாரு. நான் புது நாக்கு போடாம இறங்க மாட்டேன்னுட்டேன். நீ இல்லைனா நத்தத்துல இருந்து ஆளக் கூட்டியாரேன்னாரு. கூட்டியாரட்டும். அவனும் எவளோ ஒருத்திக்குப் புருசந்தான?"

சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். ஒரு முனையில் அச்சாணி போகும் ஓட்டை, மறுமுனையில் மூக்கு. அந்த மூக்கு பாதி உருகிய சவர்க்காரக் கட்டிபோல் மழுங்கியிருந்தது. இதை நம்பி ஒரு மனிதனை எழுபது அடி இறக்கியிருக்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த இரும்பின்மேல் எனக்கு வெறுப்பு வராது. அது கண்ணுக்கு முன்னால் தேய்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர்கள்மேல் வரும்.

அவர் போன பிறகு வாசலில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். கறுப்பு இளகி இளகி வந்தது. என் கடைக்கு வரும் பொருட்களில் பாதி இப்படித்தான் வரும். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும் உருளையில் முடி ஒட்டியிருக்கும். ஹோட்டல் கிரைண்டரின் பாகத்தில் புளித்த மாவு பூசணம் பிடித்திருக்கும். துடைத்துக் கொடுங்கள் என்றால், 'நாங்க வேலைக்காரங்கம்மா' என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் மட்டும் என்ன, மல்லிகைப்பூ கட்டவா உட்கார்ந்திருக்கிறேன்?

சேறு போனதும் அடியில் பளபளவென்று சிவப்பு எனாமல் தெரிந்தது. மூக்கின் நடுவிலும் ஓட்டைக்குள்ளும் மட்டும் வெறும் இரும்பு, மற்ற இடமெல்லாம் பெயின்ட். அப்பாடா, இந்த அளவுக்காவது சுத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அங்கே நிறுத்திவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் அதைக் கையில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாடை விரலில் ஏறியிருந்தது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன், போகவில்லை.

அளக்க உட்கார்ந்தேன். காலிப்பரின் வாய்களைத் துடைத்து மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன். தடிமன் இருபத்தைந்து மில்லி. நான்கு இடத்தில் அளந்தேன், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. அடுத்தது ஓட்டை. குறுக்கே அளந்தால் இருபத்தைந்து, நீளவாக்கில் அளந்தால் கிட்டத்தட்ட இருபத்தேழு. அதாவது ஓவலாகிவிட்டது. சுமை நாக்கை அச்சாணியின் மேல் தள்ளுகிறது, அதனால் மூக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் தேய்ந்திருக்கிறது. வால் பக்கத்துச் சுவரை அச்சாணி தொடவே இல்லை. ஆகவே அந்தச் சுவரிலிருந்து பன்னிரண்டரை மில்லி தள்ளித்தான் ஓட்டையின் உண்மையான மையம். ஓவலின் நடுவை மையம் என்று வைப்பவன் முட்டாள். அப்படி வைத்த மாடல்களையும் பார்த்திருக்கிறேன், பெரிய பட்டம் வாங்கியவர்கள் செய்தவை.

அடுத்தது மூக்கு. நடுப்பகுதி முழுக்க மழுங்கல், அங்கே அளக்க ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கு இருபத்தைந்து மில்லி அகலம், சக்கரத்தின் பல் பதினாறுதான் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். பல் படாத இரண்டு ஓரங்களிலும் நாலரை மில்லிக்கு மெல்லிய பட்டைபோல் மூக்கின் பழைய வடிவம் அப்படியே நின்றிருந்தது. இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். தேய்ந்த பொருளில் தேயாத ஓர் இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து பிடித்து மற்றதைக் கட்டிவிடலாம்.

நாக்கை மேசையில் படுக்க வைத்து, அதன் மேல்பக்கத்துக்குச் சமமான உயரத்தில் ஓர் எஃகு ஸ்கேலைக் கட்டை கொடுத்து வைத்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, ஆறடி உயரத்திலிருந்து நேர் செங்குத்தாக, ஜூம் வைத்து எடுத்தேன். தூரத்திலிருந்து எடுத்தால் கோணல் குறையும். அந்தப் படத்தை மென்பொருளில் ஏற்றி, ஸ்கேலில் நூறு மில்லி இருக்கும் இடத்தை நூறு என்று சொல்லிக் கொடுத்து, அதன்மேல் கோடு போட்டேன். முக்கியமான அளவு எதையும் படத்திலிருந்து எடுக்கவில்லை. மையத்திலிருந்து மூக்கு வரைக்கும் உள்ள நீளம், ஓட்டை, தடிமன் எல்லாம் காலிப்பர் சொன்னதுதான். முதுகின் வளைவு, மூக்கின் சாய்வு, காலிப்பரால் பிடிக்க முடியாத இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் படம்.

மூக்கின் சாய்வு வந்தபோது ஒரு கணம் கை நின்றது.

நாக்கின் மூக்கு, அதாவது பல்லில் முட்டும் அந்த முகம், நேராக வெட்டப்பட்டிருக்கக் கூடாது. அடிமுனை கொஞ்சம் முன்னால் நீண்டும் மேல்முனை கொஞ்சம் பின்வாங்கியும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் சுமை அழுத்த அழுத்த நாக்கு பல்லுக்குள் இறங்கும். சாய்வு மாறிவிட்டால் சுமையே நாக்கை வெளியே தள்ளிவிடும். நான் வரைந்த கோடு இரண்டு பாகை தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. மேல்முனைதான் முன்னால் நீண்டிருந்தது.

இன்னொரு ஓரத்தின் பட்டையையும் பார்த்தேன். அதுவும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அளவு சரி என்று முடிவு செய்தேன். உள்ளூர்ப் பட்டறையில் எவனோ கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறான், இந்த லட்சணத்தில்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, என்று மனதுக்குள் திட்டினேன். திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தில் யோசிக்க மறந்தேன். காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டி, சக்கரத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். சக்கரம் சேவுகம்பட்டியில் இருந்தது, வெயில் கொளுத்தியது. மாடலை முடித்து வெட்டுகிறவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் கெட்டியான எஃகை எடுத்து, கடினப்படுத்தி, மெல்லிய கம்பியால் அறுக்கும் ஒயர்கட் மெஷினில் வெட்டினார். நூல் பிசகாமல் நான் கொடுத்ததைக் கொடுத்தபடி வெட்டினார். என் தப்பையும் நூல் பிசகாமல்.

புது நாக்கை நானே எடுத்துப் போனேன். அந்த ஆள் வரச் சொல்லியிருந்தார். "மாட்டுறப்ப நீங்க நிக்கணும்க்கா" என்றார். ஸ்கூட்டரில் போனேன். பழைய நாக்கையும் பையில் போட்டுக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

கத்திரிக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் கிணறு. அதன் வாயோரம் கிரேன் நின்றிருந்தது. உடம்பெல்லாம் சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சள், நெற்றியில் காய்ந்த சந்தனம். முதலாளி வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. சுற்றிலும் ஒரு வாரமாக வாரிப்போட்ட தூர் மலையாகக் கிடந்தது. பாலிதீன் பை, சாராயப் பாட்டில், கோழி இறகு, குழந்தைகளின் நாப்கின். குடிக்கிற தண்ணீர்க் கிணற்றில் இத்தனையும் போட்டுவிட்டு, தண்ணீர் ஊறவில்லை என்று ஆழப்படுத்துகிறார்கள்.

"வாம்மா. வந்துருச்சா? ஏலே, மாட்டுங்கடா. நேரமாச்சு."

மாட்டினார்கள். அச்சாணி கனகச்சிதமாகப் போனது. முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "வைரமாட்டம் இருக்கு. டே, ஏறு. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு அடி எடுத்துரலாம்."

அந்த ஆள் ஏறவில்லை. பக்கெட்டில் பாறைத் துண்டுகளை அள்ளிப் போட்டார். மூன்று ஆள் கனம் இருக்கும். எஞ்சினை ஓட்டி, பக்கெட்டைக் கிணற்று வாய்க்கு மேலே தூக்கி, பிரேக்கை விடச் சொன்னார். நாக்கு பிடித்தது. தொங்கியது, அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் முதலாளி. "இம்புட்டுச் சந்தேகம் ஆகாதுடா அப்பு."

"செத்த நேரம் இருங்க முதலாளி."

கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து சக்கரத்தின் பல்லுக்கெல்லாம் தடவினார். "வேலை செய்யறப்ப இது இப்படித்தான இருக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மறுபடி தூக்கி, பிரேக்கை விட்டதும் ஒரு கம்பியால் எட்டிப் பக்கெட்டை ஓங்கி இடித்தார். அது ஆடியது. டணார் என்று ஒரு சத்தம். நாக்கு எகிறி மல்லாந்தது. உருளை சுற்றத் தொடங்கியது. பிரேக்கில் இருந்தவர் பாய்வதற்குள் பக்கெட் பாறையோடு கிணற்றுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே இருந்து சத்தம் வந்தது.

முதலாளி அந்த ஆள் பக்கம் திரும்பினார். "யாருடா உன்ன கிரீஸத் தடவச் சொன்னது? ஆட்டாம அசைக்காம இருந்தா நின்னுருக்கும்ல?"

நான் அவரைப் பார்க்கவில்லை. புது நாக்கின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்முனைக்குப் பக்கத்தில் மட்டும் நகக்கீறல்போல் ஒரு பளபளப்பான கோடு. மற்ற இடத்தில் பல் படவே இல்லை. முழு முகமும் முட்ட வேண்டியது, ஓர் ஓரம் மட்டும் முட்டியிருக்கிறது.

பையிலிருந்து பழைய நாக்கை எடுத்தேன். தேயாத பட்டை என்று நான் கொண்டாடிய இடத்தில், மேல்முனையில், ஸ்கூட்டர் சாவியால் குத்தினேன். சாவி உள்ளே இறங்கியது. இரும்பில் சாவி இறங்குமா? நெம்பினேன். ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதை விளிம்பில் திருப்பிப் பார்த்தால் சிவப்பு, பச்சை, சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. அடுக்கடுக்காக. ஒன்றரை மில்லி தடிமன். அடிமுனையில் சுரண்டினேன். அங்கே வெறும் தோல்போல் ஒரே படலம்.

"இதுக்கு எப்பப்ப பெயின்ட் அடிப்பீங்க?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு" என்றார் முதலாளி, பெருமையாக. "எங்கப்பா காலத்துல இருந்து. ஒரு வருசம் விட்டதில்ல."

"அடிக்கிறப்ப நாக்கு எப்படி இருக்கும்?"

அந்த ஆள்தான் பதில் சொன்னார். "மல்லாத்திப் போட்டுத்தான்க்கா அடிப்போம். அப்பத்தான் பல்லுக்கும் அடிக்க முடியும்."

மல்லாத்திப் போட்டால் மூக்கின் அடிமுனை மேலே வரும், மேல்முனை கீழே போகும். பெயின்ட் வழிந்து கீழே போய்த் திரளும். வருடா வருடம் அதே இடத்தில் ஒரு சொட்டு. வேலை ஆரம்பித்ததும் நடுவில் இருக்கும் பெயின்ட்டைப் பல் தேய்த்துத் தள்ளிவிடும், பல் படாத ஓரங்களில் மட்டும் நின்றுவிடும். எந்த இடத்தைத் தேயவில்லை என்று நம்பினேனோ, அங்கே இரும்பையா அளந்தேன்? ஆயுத பூஜையை அளந்திருக்கிறேன். பதினான்கு மில்லி உயரத்துக்கு ஒன்றரை மில்லி. ஆறு பாகை. பட்டறைக்காரன் நாலு பாகை சரியான பக்கம் சாய்த்து அழகாக வெட்டி வைத்திருக்கிறான். நான் அதை இரண்டு பாகை தப்பான பக்கம் திருப்பி, அவனையே திட்டியுமிருக்கிறேன்.

சாமி கும்பிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு இரும்புக் கேட்டுக்குப் பழைய பெயின்ட்டின் மேலேயே புதுப் பெயின்ட் அடித்து அடித்து, இப்போது தாழ்ப்பாள் ஏறாது. எனக்கு அருவருப்பாக இருந்தது என்மேல்தான். விரலில் வாடை ஏறுகிறது என்று பத்து நிமிட வேலையை விட்டவள் நான். ஒரு உப்புத்தாள் போதும். ஒரு பிளேடு போதும். சேற்றில் நாள் முழுக்க நிற்கிறவர் உயிருக்கு எதிர்த்தட்டில் என் விரல் சுத்தத்தை வைத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடது" என்றேன். "ஒண்ணர மில்லி பெயின்ட்டயும் சேத்து அளந்துட்டேன். இது பிடிக்காது. வேற செஞ்சு தாரேன்."

முதலாளி சிரித்தார். "கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டருனு பீத்திக்கிட்டீங்களேம்மா. படத்தப் பாத்துச் செஞ்சிருந்தாலும் இதேதான வந்திருக்கும்?"

அது அவருக்குக் கிடைத்த வெற்றி, வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. "சரி விடு. ஒண்ணர மில்லிதான? கிரைண்டர் மெசின் இருக்கு. மேல செத்த தேச்சு விட்டா போச்சு. ஏலே, எடுத்துட்டு வாடா."

"கையால தேச்சா என்ன சாய்வு வரும்னு யாருக்குத் தெரியும்? சூடேறி மூக்கு மெதுவாப் போயிரும். ஒரு மாசத்துல மழுங்கிரும்."

"ஒரு மாசம் எதுக்கும்மா? இந்தக் கெணறு முடிய நாலு நாளுதான்."

அச்சாணியின் பின்னைப் பிடுங்கி, புது நாக்கைக் கழற்றி, கிரீஸோடு பையில் போட்டேன். பழையதும் பையில்தான் இருந்தது. இரண்டும் இல்லாமல் கிரேன் வெறும் கம்பம்.

"ஏய், ஏய்! எம்பொருளு அது!"

"உங்க பொருள்தான். நாளான்னைக்குக் கொண்டு வாரேன்." வண்டியை எடுத்துவிட்டேன். அவர் பின்னால் கத்திக்கொண்டு வரப்பு வரைக்கும் ஓடி வந்தார். வெள்ளை வேட்டியில் தூர் தெறித்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் முழுக்க அதே வேலை. பெயின்ட் ரிமூவர் ஊற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு வெளுக்கும் வரைக்கும் விடவில்லை. முதலில் இருபத்தைந்துக்கு முன்னே பின்னே காட்டிய தடிமன் இருபத்து நான்காகிவிட்டது, எந்த இடத்தில் வைத்தாலும் அதே இருபத்து நான்கு. பட்டையின் சாய்வைக் காலிப்பரின் ஆழக்கம்பியால் அடிமுனையிலும் மேல்முனையிலும் தனித்தனியாக அளந்தேன். பிறகு படம். இரண்டும் நாலு பாகை என்றன. அட்டையில் வெட்டிக்கொண்டு மறுபடி சேவுகம்பட்டிக்குப் போனேன். அச்சாணியில் மாட்டி, ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தேன். பல்லின் நுனி மழுங்கியிருந்தது, அடி நன்றாக இருந்தது. அட்டை மூக்கு அடி வரைக்கும் இறங்கி முழு முகமும் ஒட்டி உட்கார்ந்தது. முதலாளி அங்கேதான் இருந்தார். நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த ஆள் மட்டும் கூடவே குனிந்து ஒவ்வொரு பல்லையும் பார்த்தார்.

அதன் பிறகுதான் வெட்டக் கொடுத்தேன்.

புது நாக்கு மாட்டிய அன்று அந்த ஆள் மறுபடியும் பாறை ஏற்றினார். கிரீஸ் தடவினார். கம்பியால் இடித்தார். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நாக்கு டக்கென்று விழுந்தது, இடிக்க இடிக்க இன்னும் உள்ளே இறுகியது. மூக்கில் அகலமாக, ஒரே சீராக, பல் பட்ட தடம்.

"இப்ப ஏறுவியா?" என்றார் முதலாளி.

அந்த ஆள் பாறையை எல்லாம் வெளியே கொட்டினார். பக்கெட்டை என் பக்கம் இழுத்தார்.

"யக்கா, நீங்க ஏறுங்க."

"நானா?"

"கல்லுக்கு உசுரு இல்ல. அன்னைக்கும் மொதத் தடவ கல்லு நின்னுச்சு."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "ஏண்டா, பொம்பளையப் போயி..."

"பொம்பளைதான் செஞ்சாங்க."

ஏறினேன். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பக்கெட்டுக்குள் அரையடிக்குச் சேறு. செருப்பு புதைந்தது, விரல் இடுக்கில் குளிர்ச்சியாக ஏதோ நசுங்கியது. என்னவென்று குனிந்து பார்க்கவில்லை. எஞ்சின் உறுமியது, தரை நழுவியது, கம்பம் திரும்பியது. கீழே எழுபது அடி வட்டமான கறுப்பு. பிரேக்கை விட்டார்கள். டக். அந்த ஆள் எட்டிக் கம்பியால் பக்கெட்டை இடித்தார், பாறையை இடித்த அதே வேகத்தில். நான் கம்பிவடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினேன். கன்னமெல்லாம் கிரீஸ்.

நாக்கு அசையவில்லை.

எத்தனை நேரம் தொங்கவிட்டார் என்று தெரியாது. இறக்கியதும் வரப்பில் போய் உட்கார்ந்து, காலையில் சாப்பிட்ட இட்லியை எல்லாம் கத்திரிச் செடிக்குப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கெட்டில் நின்றிருந்தார். முதலாளியைப் பார்த்து, "விடுங்க" என்றார்.

பக்கெட் இறங்கியது. தலைத்துண்டு கிணற்று வாய்க்குக் கீழே போனது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு கிரேனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், நாக்கு பல்லில் விழுகிற இடம் தெரிகிற மாதிரி. பாறையில் கடப்பாறை விழும் சத்தம் கீழே இருந்து வர ஆரம்பித்தது. அவர் மேலே வரும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.